கலந்தர் படித்த திருத்தம்

பழவேற்காட்டுக் கலந்தர் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவன். தட்டச்சில் மட்டும் விரல்கள் இறால் துள்ளுவதுபோலத் துள்ளும். ஆரம்பாக்கம் பஸ்ஸின் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, பாதி ஊரை எளாவூர் சோதனைச்சாவடியில் இறக்கிய புண்ணியவானும் அவனே. யாருடைய சோற்றிலும் மண் விழாதவரை குறும்பு குற்றமில்லை என்பது அவன் கட்சி.

அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா நூருன்னிசாவின் கணவர் காஜா மைதீன். ஏரிக்கரையில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தின் கம்ப்யூட்டரை அவர்தான் பார்த்துக்கொண்டார். மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலும் அதே ரக மெஷின். இரண்டுக்கும் நடுவே ஒரு டெலிபோன் லைன். மெட்ராஸ் மெஷினில் எண்களைத் தட்டுவதும், தேவைப்பட்டால் லைன் வழியாக ஏரிக்கரை மெஷினுக்குள் போய்ப் பார்ப்பதும் கலந்தரின் வேலை.

எண்பத்தெட்டு மார்கழியில் மெஷின் கம்பெனியிடமிருந்து எல்லா நிலையங்களுக்கும் ஒரு டேப் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: பாதுகாப்புத் திருத்தம், உடனே ஏற்றவும். என்ன ஓட்டை, எங்கே ஓட்டை என்று ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் திருடனுக்குத் தெரிந்துவிடுமாம். மெட்ராஸில் அன்றைக்கே ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் டேப்பில் இருந்தது புரோகிராமின் மூல வரிகள். பழைய வரிகளும் மெஷினிலேயே கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில், கையில் பாதி பரோட்டாவோடு, கலந்தர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்தான். ஆயிரக்கணக்கான வரிகளில் மாறியிருந்தது ஒரே ஒரு இடம்: காகிதத்தில் அச்சடிக்கக் கோப்பை வாங்கும் புரோகிராம். கோப்பின் பெயரில் அரைப்புள்ளி இருந்தால் ஏற்காதே என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்து அடுத்த கட்டளை தொடங்குகிறது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அந்தப் புரோகிராமோ முழு அதிகாரத்தோடு ஓடுவது. அப்படியானால் பழைய புரோகிராமிடம் பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளி வைத்து எந்தக் கட்டளையைச் சொன்னாலும், சர்க்கார் முத்திரை குத்தியதுபோல நிறைவேற்றிவிடும்.

எளாவூரில் அரிசி கடத்துகிறவர்களும் இப்படித் தடுப்பைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். உப்பளத்துக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையில் திடீரென்று புதுத் தடுப்புக் கட்டை விழுந்தால், அதுவரை அந்தப் பாதையை அறியாதவனுக்கும் அது தெரிந்துவிடும். தடுப்பு விழாத இதே மாதிரிப் பாதை வேறு எங்கே என்று அன்றைக்கே தேடக் கிளம்புவான். ஓட்டையைத் தானாகத் தேடினால் வருஷம் ஆகும். திருத்தம் விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. அடுத்தவன் அடைப்பதற்குள் ஓடிப் புகவேண்டியதுதான் பாக்கி.

மெட்ராஸ் மெஷினில் இனி அந்த ஜம்பம் சாயாது. ஏரிக்கரையில்? கலந்தர் போன் போட்டான்.

"மச்சான், டேப் ஏத்திட்டீங்களா?"

"ஏத்தணும்டா. ஏத்துனா மெஷின ஒரு நாள் முழுக்க நிறுத்தணும். பச்சையம்மா கணக்கு முடியட்டும். ஏரிக்கரை மெஷினுக்கு எவன் வரப்போறான்?"

"ஆமா மச்சான், எவன் வரப்போறான்" என்றான் கலந்தர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

லைட்ஹவுஸ் குப்பத்துப் பச்சையம்மா தினமும் கரையில் இறால் கூடைகளை எடைபோட்டு, நிலையத்துக்கு வந்து எடையை வாயால் சொல்லுவாள். காஜா மைதீன் நேராக மெஷினில் ஏற்றிக்கொள்வார். விசைப்படகுகள் முகத்துவாரத்தை ஒட்டி வந்து வாரிக்கொண்டு போவதால் இறால் குறைந்துவிட்டது என்று குப்பத்தார் மனு கொடுத்திருந்தார்கள். பொங்கல் கழித்துப் பொன்னேரியில் விசாரணை. குப்பத்தின் கையில் இருந்த சாட்சி அந்த எடைகள்தான். மாதாமாதம் அதன் நகல் டேப்பில் மெட்ராஸுக்குப் போகும். மார்கழி நகல் இன்னும் எடுக்கப்படவில்லை.

மறுநாள் அதே சாப்பாட்டு நேரத்தில் கலந்தர் லைன் வழியாக உள்ளே போனான். அரைப்புள்ளி வேலை செய்தது. முழு அதிகாரமும் கையில். 'மச்சான் தூங்குகிறார்' என்று இங்கிலீஷ் எழுத்தில் பக்கம் பக்கமாக அச்சடிக்க விட்டான். அங்கே பிரிண்டர் அலறுவதையும் மச்சான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதையும் நினைத்து நினைத்துச் சிரித்தான். பிறகு தடயத்தை அழிக்க வேண்டுமே! தான் செய்த கோப்புகள் எல்லாம் 'கேகே' என்று தொடங்கும். 'கேகே' என்று தொடங்கும் அனைத்தையும் அழி என்று அடித்தான். துள்ளுகிற விரல், 'கேகே'வுக்கும், 'பின்னால் எது வந்தாலும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டுவிட்டது. இடைவெளி விழுந்தால் அர்த்தமே வேறு: கேகேயை அழி, இங்கே இருக்கும் எல்லாவற்றையும் அழி. மெஷினுக்குள் அவன் அப்போது நின்றுகொண்டிருந்தது பச்சையம்மாவின் எடைகள் இருந்த இடம். காஜா மைதீன் மட்டுமே தொடக்கூடிய கோப்புகள். முழு அதிகாரத்துக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏது?

கலந்தர் திரையைப் பார்த்தான். கோப்புகளின் பெயரைக் கேட்டான். ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டான். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

எடைகள் அழிந்ததை விசாரிக்க மெட்ராஸிலிருந்து அதிகாரி ஏரிக்கரைக்குப் போனபோது, லைனைத் தெரிந்தவன் என்று கலந்தரையும் கூட்டிப்போனார். திருத்த டேப் உறை பிரிக்காமல் மேஜையில் கிடந்தது. காஜா மைதீன் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உடனே ஏத்துன்னுதானே எழுதியிருந்தது?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். நான்தான் தள்ளிப்போட்டேன். என் தப்பு."

"இந்த வேலைக்கு உன்னை வச்சதே தப்பு."

பதினெட்டு வயதுக் கலந்தர் மச்சானின் குனிந்த பிடரியைப் பார்த்தான். அக்காவைக் கட்டியவர், முதல் சட்டையை வாங்கிக் கொடுத்து மெட்ராஸுக்குப் பஸ் ஏற்றியவர். வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் அவர் தலையோடு போய்விடும். அதை நினைத்ததற்கே காது கொதித்தது.

"சார், நான்தான் உள்ள போனேன்."

"நீயா? ஓட்டை எங்கேன்னு கம்பெனி யாருக்கும் சொல்லவேயில்லையே."

"திருத்தமே சொல்லுச்சு சார். பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்."

அதிகாரி போனை எடுத்து, இன்னும் டேப் ஏற்றாத நிலையங்கள் எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நடுவில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "நாளைலேர்ந்து நீ ஆபீஸுக்கு வராதே" என்றார்.

வெளியே காஜா மைதீன் அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"பூட்ட வாங்கிப் பொட்டியிலயே வச்சவன் நானு" என்றார் அவர். "ஆனா நீ, எனக்குச் சந்தேகம் வராத மாதிரி கேட்டியேடா. ஏத்திட்டீங்களான்னு."



பச்சையம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கலந்தரே சொன்னான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாயிருந்தது.

"மார்கழி முச்சூடும் போச்சா? இன்னாடா சொல்ற? துன்ன இறால திரும்பி எட போட முடியுமா?"

"முடியாதுக்கா."

"மாசம் இன்னாத்துக்கு நடுவுல காலியா கீதுன்னு கேப்பானுங்களே. தோதா இல்லாத கணக்க நாங்களே மறைச்சிட்டோம்னு சொல்லுவானுங்க. நாங்க இன்னா சொல்றது?"

கலந்தர் மணலைப் பார்த்தான்.

"கீழ இன்னா பாக்குற? பொன்னேரிக்கு நீயும் வர. அங்க வந்து நீ சொல்லு."

தை மாதம் பொன்னேரியில், விசைப்படகுக்காரர்களும் குப்பத்து ஜனங்களும் அடைத்துக்கொண்டிருந்த அறையில், கலந்தரைக் கூப்பிட்டார்கள். பச்சையம்மாவின் பக்கத்தில் காஜா மைதீன் உட்கார்ந்திருந்தார். விசைப்படகுக்காரர்களின் வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"மார்கழிக் கணக்கு இல்லை. ஏன் தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போச்சு என்று தலையாட்டினால் போதும். கேட்ட குரலிலேயே தப்பிக்க வழி இருந்தது.

"இல்லீங்க. கணக்கு சரியா இருந்துச்சு. குறும்புக்காக நான் உள்ள பூந்து அழிச்சிட்டேன். இவங்க யாரும் மறைக்கல."

பின்வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள். தான் சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும் என்று கலந்தர் நிறுத்தி, இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னான்.