அரக்கு நீங்கிய எடை

அம்மாவின் குண்டு மாலையை உருக்கி எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு காப்பு செய்ய நினைத்தோம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் நகைப்பட்டறை ஒன்றில் மாலை முப்பத்தெட்டு கிராம் காட்டியது. பத்தர் குண்டுகளைத் திறந்து உள்ளே இருந்த அரக்கை எடுத்ததும் முப்பதாகிவிட்டது.

"எட்டு கிராம் எங்கடி போச்சு?" என்று அம்மா என் கையைக் கிள்ளினார்.

"அது அரக்கும்மா. தங்கமே இல்ல."

ஆனாலும் என்னாலும் சும்மா உட்கார முடியவில்லை. பத்தர் உருக்கப் போனபோது பின்னாலேயே போனேன்.

"அங்க சூடும்மா."

"பரவால்லண்ணே. ஃபேக்டரில அடுப்புகிட்டதான் என் வேலை."

அழுக்கெடுக்க வெண்காரம் தூவியதும் தங்கம் ஒரே துளியாகத் திரண்டது. ஊற்றிய பின், உருக்கிய கிண்ணமான மூசையில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஆறிய கட்டி இருபத்தொன்பது புள்ளி ஏழு நின்றது. குண்டுகளை ஒட்டவைத்த பழைய பற்றாசும் அழுக்கும் போனதற்கு அது சரிதான்.

"ரெண்டு காப்புக்குப் பத்தாது லா. மெல்லிசா போட்டா நசுங்கிடும்," என்றார் பத்தர்.

"ஒருத்திக்கு மட்டும் போட்டா வீட்ல சண்டதான்," என்றார் அம்மா.

"அப்ப ரெண்டு பேருக்கும் சங்கிலி. கட்டிய இங்கேயே ரெண்டா வெட்டி நிறுங்கண்ணே," என்றேன்.

துண்டுகளை அம்மாவே தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகுதான் சங்கிலி மாதிரிகளைக் காட்டச் சொன்னார்.