முதல் பக்கத்து ஒரு ரூபாய்

எனக்குக் கூட்டல் பிசகாது என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு. தூத்துக்குடியில் ஓர் உப்பு மொத்த வியாபாரியிடம் இருபத்தாறு வருடமாகப் பேரேடு எழுதுகிறேன். பில்லெல்லாம் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். ஆனால் முதலாளிக்குக் கணக்கு என்றால் கையால் எழுதிய தடித்த புத்தகம்தான். வருடக் கடைசியில் அதைத்தான் ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுப்போம். அதனால் அந்த ஏப்ரலில் டிரயல் பேலன்ஸ் இடித்தபோது, தப்பு என் கையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பேரேட்டில் இருக்கும் எல்லாக் கணக்குகளின் மிச்சத்தையும், பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம் என்று எழுதிக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை. பற்றுப் பக்கம் இருபத்து மூவாயிரத்து இரண்டு ரூபாய் குறைந்தது. மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதே இருபத்து மூவாயிரத்து இரண்டு.

குறைகிறது என்ற சொல் முதலாளியின் காதில் வேறு மாதிரி விழுந்தது. கல்லாவைப் பார்ப்பவள் பெரியதாழைக்காரப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு இவள் சம்பளத்தில் ஓடியது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடக் கல்லா பிசகியதில்லை. அவளைக் கூப்பிட்டு, "ஏளா, கணக்கு நேராகுத வரைக்கும் நீ வீட்ல இரி" என்று மட்டும் முதலாளி சொன்னார். எதற்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஓர் அக்கவுண்டன்ட் வந்தார். நாசரேத்துப் பெண், முப்பது வயது இருக்கும். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பது பென்சில் சீவும் விதத்திலேயே தெரிந்தது. என் பட்டியலில் பற்றுப் பக்கத்தின் அடியில், 'அனாமத்துக் கணக்கு' என்று எழுதி இருபத்து மூவாயிரத்து இரண்டைப் போட்டார். இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "களவு போன பணத்துக்கு ஒரு பேரு வச்சி மூடுதியளா?"

"மூடல சார். தப்பு எங்கன இருக்குன்னு தெரியுத வரைக்கும் இந்த ரூவா இங்கன நிக்கும். மத்த வேலை நடக்கணும்லா. தப்பு கிடைச்சதும் இந்தக் கணக்க ஒழிச்சிருவோம்." பிறகு அதே அமைதியோடு, "களவு போச்சின்னு யார் சொன்னா?" என்று கேட்டார்.

அவர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் கல்லாவை எண்ணி எழுதிய சீட்டு. "கல்லாவுல இருந்ததும் ரொக்கப் புத்தகத்துல இருந்ததும் ஒண்ணு. ரெண்டு பேரு கையெழுத்து இருக்கு. அப்படியே அந்தப் பிள்ளை எடுத்திருந்தாலும் கல்லாதான் குறையும். புத்தகத்துல இருக்க எண்ணு மாறாது, டிரயல் பேலன்ஸ் இடிக்காது. இது எழுதினதுல வந்த தப்பு சார். எடுத்ததுல வந்தது இல்ல."

அந்த இரண்டு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவனுக்குத் தெரியாத சங்கதியா இது? தெரியும். தெரிந்தும் நாலு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அவள் எடுத்திருந்தால் என் கூட்டல் தப்பில்லை என்றாகிவிடும் அல்லவா, அந்த ஆசைதான்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவசரமே இல்லை. முதலில் என் கூட்டலைச் சரிபார்த்தார். பேரேட்டில் உள்ள ஒவ்வொரு மிச்சமும் பட்டியலுக்கு வந்திருக்கிறதா, இருபத்து மூவாயிரத்து இரண்டு என்று ஏதாவது கணக்கு விட்டுப்போனதா என்று பார்த்தார். இல்லை. அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தார், வகுபடவில்லை. "ரெண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருந்தா ஒம்பதால வகுபடும். அது இல்ல" என்று அந்த வழியை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு இரண்டால் வகுத்தார். ஒரு பதிவு பக்கம் மாறி விழுந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும்.

"பதினோராயிரத்து ஐந்நூத்தி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, பென்சிலை வைத்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க கடையில மூட்டை வெல, லாரி வாடகை, கூலி எல்லாம் பத்து பத்தாத்தான முடியுது. இந்த ஒத்த ரூவா எங்கன இருந்து வருது? காணிக்கைக்கோ மொய்க்கோதான ஒத்த ரூவா வப்போம்?"

அந்த ஒற்றை ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பேரேட்டின் முதல் பக்கம் மஞ்சள் தடவிய பக்கம், திருச்செந்தூர் முருகன் கணக்கு. லோடுக்கு இவ்வளவு என்று சாமிக்கு மகமை ஒதுக்கி அந்தப் பக்கத்தில் வரவு வைப்போம். வைகாசி விசாகத்துக்கு அதிலிருந்து ரொக்கம் எடுத்து உண்டியலில் சேர்ப்போம். எப்போதும் முதலாளியே போவார், அந்தப் பக்கத்தில் அவரே எழுதுவார். போன வைகாசியில் முழங்கால் வலி என்று என்னை அனுப்பினார், பதினோராயிரத்து ஐந்நூற்று ஒன்று. நானே எழுதினேன். ரொக்கப் புத்தகத்தில் செலவுப் பக்கம் ஒழுங்காகத்தான் போட்டேன்.

"அது சாமி கணக்கும்மா. அதுல தப்பு இருக்காது" என்றேன்.

"பாத்தியளா?"

பார்க்கவில்லை. மற்ற பதிவுகளையெல்லாம் டிக் அடித்துச் சரிபார்த்தவன், அதற்கு மட்டும் பக்கத்தைத் திருப்பாமலே டிக் அடித்திருந்தேன். அவர் உடனே கை வைக்கவில்லை. "நீங்களே திருப்புங்க அண்ணாச்சி" என்றார். கிறிஸ்தவப் பெண், எங்கள் மஞ்சளுக்கு அவர் கொடுத்த மரியாதை இன்றும் நினைவில் நிற்கிறது.

திருப்பினேன். காணிக்கை செலுத்திய ரூபாய் வரவுப் பக்கத்தில் இருந்தது, என் அழகான கையெழுத்தில். எழுதும்போது என்ன நினைத்தேன் என்பதும் அப்படியே ஞாபகம் வந்தது. முருகன் பேரில் பற்று எழுதுவதா? நமக்குக் கொடுக்க வேண்டியவர் பட்டியலில் சாமியை வைப்பதா? பேனா தானாக வரவு இருக்கும் வலது பக்கம் போயிற்று.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வே இது" என்றார்.

அக்கவுண்டன்ட் சிரிக்கவில்லை. "அவருக்கு நாம குடுக்க வேண்டியது அவருகிட்ட போய்ச் சேந்துட்டுன்னு சொல்லுததுதான் இந்தப் பற்று. இதுல அவருக்கு என்ன குறைச்சல்?" என்றார். நான் வரியை அடித்து எழுதப் போனேன், தடுத்துவிட்டார். தப்பு இருந்த இடத்தில் இருக்கட்டும், திருத்தம் தனியாகத் தெரியட்டும் என்றார். குறிப்பேட்டில் ஒரு பதிவு எழுதச் சொன்னார். முருகன் கணக்கில் பற்று இருபத்து மூவாயிரத்து இரண்டு. தப்பாக வைத்த வரவை அழிக்க ஒரு மடங்கு, வைக்க வேண்டிய பற்றுக்கு இன்னொரு மடங்கு. அனாமத்துக் கணக்கில் வரவு அதே தொகை. அனாமத்து ஒழிந்தது. எழுதவே மாட்டேன் என்ற பற்றை இரட்டிப்பாக எழுதினேன்.

முதலாளி கல்லாப் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னார். நான் போடவில்லை, பஸ் ஏறிப் பெரியதாழைக்கே போனேன். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எங்கன இருந்திச்சி?"

"என் கையெழுத்துல."

அவள் திங்கட்கிழமை வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் கல்லாவை எண்ணி, சீட்டு எழுதி, என் பக்கம் நகர்த்தினாள். வழக்கம்போல் பேனாவைத் திறந்தேன்.

"படிச்சிட்டுப் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.