இரண்டு தேதிகளுக்கு நடுவில் 6.4

மருத்துவமனைகள் அனுப்பும் பரிசோதனைத் தாள்களைக் கணினிப் பதிவாக மாற்றித் தரும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. புரோகிராம் பிரித்துத் தரும் பக்கங்களை நான் சரிபார்க்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 10.40க்கு ஒரு சிறுநீரகக் கிளினிக்கின் பக்கம் என் திரைக்கு வந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை. இடப்பக்கம் பரிசோதனைகளின் பெயர்கள், அடுத்து ஐந்து தேதிகள், அவற்றின் கீழ் எண்கள். எடுக்காத பரிசோதனைக்கு வெற்றிடம். கடைசித் தேதி முந்தைய நாள்.

கோடில்லாத அட்டவணையில் புரோகிராமுக்கு இடைவெளிதான் ஒரே துப்பு. பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களின் நிழலையும் அடியில் ஒரே வரியில் விழவைக்கும். எந்த நிழலும் விழாத சந்துதான் இரண்டு நெடுவரிசைகளுக்கு நடுவிலான எல்லை. இந்தப் பக்கத்தில் ஐந்து சந்துகள் இருக்க வேண்டும். நான்குதான் கிடைத்தன. ரத்த மாதிரி ஒன்றில் அணுக்கள் சிதைந்திருந்தன என்ற நீளமான குறிப்பு, நடுவில் ஒரு வரியில், நான்காம் ஐந்தாம் தேதிகளுக்கு இடையிலான சந்தினை அடைத்திருந்தது. இரண்டு நெடுவரிசைகளும் ஒன்றாகிவிட்டன. மேல் வரிகளில் அதற்குள் இரண்டிரண்டு எண்கள். அடியில், பொட்டாசியம் வரியில், ஒரே எண்: 6.4. பொட்டாசியம் ஐந்தைத் தாண்டினாலே அதிகம்.

அது நேற்றைய எண் என்றால் அந்த நோயாளியின் இதயம் எந்நேரமும் தாளம் தவறலாம். நான்காம் தேதியின், அதாவது நான்கு மாதம் முந்தைய எண் என்றால் பழைய கதை.

புரோகிராம் எழுதியவர் எனக்கு எதிர் மேஜை. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஒரு நம்பருக்கு அரை மணி நேரமா முறைச்சிகினு கீற?"

"இது எந்தத் தேதின்னு தெரியல."

"இதுல இன்னா கீது? அந்தக் குறிப்பு நாலாவது தேதிக்குக் கீழதான ஆரம்பிக்குது? அணு சிதைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டும். அப்ப அது பழைய நம்பர். போட்டுட்டுப் போ."

எனக்கும் அப்படி இருந்தால் தேவலை என்றுதான் தோன்றியது. அதனாலேயே அப்படிப் பதிவுசெய்யக் கை வரவில்லை. எண் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. எங்கே நின்றால் பொருத்தம் என்பதல்ல.

பக்கத்தை அச்செடுத்தேன். எண்களின் தொடக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, 138ம் 4.1ம் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். அந்த அறிக்கையில் எல்லா எண்களும் வலது ஓரத்தில் ஒன்றாக முடியும்படி அச்சாகியிருந்தன. முதல் வரியில் நான்காம் தேதியின் எண் தாளின் இடது ஓரத்திலிருந்து 131 மில்லிமீட்டரில் முடிந்தது, ஐந்தாவது 142ல். 6.4 முடிந்த இடம் 136.5. சரிபாதி. மூன்று முறை அளந்தேன். பக்கத்து வரிகளில் அந்த இரண்டு தேதிகளும் காலி. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

பிறகுதான் பரிசோதனைப் பெயர்களின் இடது ஓரத்தில் அளவுகோலை வைத்தேன். எல்லாப் பெயர்களும் ஒரே நேராகத் தொடங்க வேண்டும். பொட்டாசியம், முதல் வரியைவிட ஐந்தரை மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளித் தொடங்கியது. ஸ்கேன் செய்யும்போது தாள் சாய்ந்திருக்கிறது. கீழே போகப் போக எல்லாமே இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. 136.5ஓடு ஐந்தரையைக் கூட்டினால் 142.

"பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்க," என்று எதிர் மேஜைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றரை டிகிரி திருப்பினார். 6.4 கடைசித் தேதியின் அடியில் அச்சாகப் போய் நின்றது.

"ஐயையோ," என்றார்.

கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார். எண்ணைச் சொல்லி, அந்த நோயாளி எங்கே என்று கேட்டேன்.

"அவரா? காலைலயே தாளைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாரே மேடம். டாக்டர் அடுத்த வாரம்தான் பார்க்கறதா இருந்துச்சு. ஊடு பூந்தமல்லி. நல்லாத்தான் இருந்தாரு, என்னைக் கிண்டல்கூட பண்ணாரு."

"அந்தத் தாள் கையில இருக்கா சிஸ்டர்? ஒரு அளவுகோலை வச்சு நேராப் பாருங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஆமாம் மேடம். நேத்து தேதிதான். வச்சிடறேன், அவருக்கு போன் போடணும்."

அதன்பின் நான் சரிபார்த்த பக்கங்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடிவைத்தேன். நர்ஸ் திரும்பக் கூப்பிட்டபோது 3.15.

"கடையில துணி தைச்சிகினு இருந்தவரை மகன் பைக்குல கூட்டியாந்தாரு. திரும்ப ரத்தம் எடுத்தோம், 6.6. ஈசிஜியும் சரியில்ல. அட்மிஷன் போட்டாச்சு."

புரோகிராம் எழுதியவரிடம் சொன்னேன். தாளைச் சாய்விலிருந்து நிமிர்த்திய பிறகே நிழல் போட வேண்டும், நெடுவரிசைகளுக்குக் குறுக்கே ஓடும் குறிப்புகளை நிழலில் சேர்க்கக் கூடாது என்று இரண்டு விதிகளை அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ஆனால் சந்தோஷமாக இல்லை.

"அக்கா, பழசெல்லாம்? போன மாசம் அனுப்பினோமே, அதுல இப்பிடி ரெண்டு வரிசை ஒட்டிகினது எத்தினியோ?"

இரண்டு பேரும் பழைய பக்கங்களைத் திறந்தோம்.