தப்பே வராத இரண்டு சுற்று

எட்டாவதோடு படிப்பு நின்றது. கள்ளக்குறிச்சியில் ஆட்டோ ஓட்டினேன். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மேடம், ஆள் கூட்டி வரவும் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கச் சொல்லவும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். கரும்புக்கு மருந்து அடிப்பவர்களுக்கு மூளை மந்தமாகிறதா என்று பார்க்கும் வேலை.

லேப்டாப்பில் புள்ளிகள் ஓடும். பெரும்பாலானவை எந்தப் பக்கம் போகின்றனவோ, இடதோ வலதோ, அந்தப் பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். சரியா தப்பா என்பதும் எத்தனை நேரம் ஆனது என்பதும் பதிவாகும். முதல் சுற்றில் தப்பில்லாமல் அழுத்தச் சொல்வோம். இரண்டாவதில் வேகமாக.

"எதுக்கு மேடம் ரெண்டு தடவ?" என்று கேட்டேன்.

"நடுவுல நிக்கிறீங்கன்னு வைங்க. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. கண்ணு பாக்கப் பாக்க, எந்தப் பக்கம்ங்கிறதுக்கு சாட்சி சேந்து உங்கள ஒரு பக்கம் தள்ளும். எந்தக் கோட்ட தொடுறீங்களோ அதான் முடிவு. கோட்ட தூரமா வச்சுக்கிறவன் நிதானக்காரன். நேரம் ஆவும், தப்பு கம்மி. சாட்சியே மெதுவா சேர்றவனுக்கும் நேரம் ஆவும். ஆனா அவசரப்படுத்தினா தப்பு குவியும். நேரத்த மட்டும் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணுதான். தப்பையும் சேத்துப் பாத்தாத்தான் பிரியும்."

என் ஆள்காட்டி விரல் முன்பே ஒரு எண்ணெய்ச் செக்கு மோட்டாரில் நசுங்கிப்போனது. நானும் அழுத்திப் பார்த்தேன். எல்லாப் பதிலும் ஒரே அளவு தாமதம். "இது கை தாமதம். யோசனைல இல்ல. கணக்குல தனியா வந்துடும்" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க, கரியாலூரிலிருந்து மருந்தே தொடாத மலைக்காரர்கள் வந்தார்கள். முதல் சுற்றில் எல்லோரையும்விட மெதுவு. வேகமாக என்றதும் பறந்தார்கள். கொஞ்சம்தான் தப்பு. நிதானக்காரர்கள்.

எனக்குச் சோறு தங்கை வீட்டில்தான். அவள் புருஷன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினான். ஓட்டாத நாளில் மருந்து அடிப்பான். தப்பாக அழுத்துகிறவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. மேடம் அப்படியெல்லாம் இல்லை என்றார். நான் நம்பவில்லை. அவன் உட்கார்ந்ததும் காதில் சொன்னேன்.

"மச்சான், எந்தச் சுத்தா இருந்தாலும் மெதுவா அழுத்து. தப்பு வுட்றாத."

"அந்தம்மா வேகமான்னு சொல்லுதே?"

"அது சொல்லும். நீ பாத்துக்கினு அழுத்து."

இரண்டு சுற்றிலும் ஒரு தப்பும் இல்லை. நேரமும் குறையவில்லை. மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பே இல்லன்னா கணக்குக்குப் பிடி கெடைக்காது. நிதானமா, சாட்சி மெதுவா சேருதா, பிரிக்க முடியல. வேகமா அழுத்தணும்னு இவருக்குப் புரிஞ்சுதா?"

"சொன்னேன் மேடம்."

"எனக்கு சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவ பாத்துட்டு, அப்புறமா அவர் வண்டி ஏறலாம். அவர்கிட்ட சொல்லுங்க. வியாழக்கிழம வரேன்."

நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், வண்டி வேலை போயிற்றென்று தங்கை அழுவாள் என்று நினைத்தேன்.

அந்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். மேடம் சென்னையில் மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமை வரவில்லை.

வெட்டிய கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் லோடோடு ஊர் வழியாகப் போனான். வளைவுக்கு அப்பால் ஒரு மரம் கிடந்தது. முன்னால் போன வண்டிக்காரன் இடதுபக்கம் மண்ணில் இறக்கிப் போயிருந்தான். தடம் இருந்தது. மரம் கிட்டே வரும்வரை இவன் பிரேக்கும் போடவில்லை, திருப்பவும் இல்லை. கடைசியில் வலது பக்கம் திருப்பினான். அங்கே பள்ளம். டிரெய்லர் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் அவன் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

மறியல் முடிந்து மேடம் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கவேயில்லை. அவன்தான் கட்டிலில் சாய்ந்து, "குடும்மா, பாத்துடலாம்" என்றான். இந்த முறை நான் தள்ளி நின்றேன். வேகச் சுற்றில் பத்துக்கு நாலு தப்பு.

"சாட்சி சேர்றதுதான் மெதுவு" என்றார். "ஆனா இப்ப வலிக்கு மாத்திர சாப்புடுறாரு. அதனாலயும் இருக்கலாம். இத வச்சு விபத்துக்குக் காரணம் சொல்ல முடியாது."

அவன் கேட்டான். "கால் இருக்கும்போது பாத்தமே, அது இன்னா சொல்லுது?"

"அதான் எனக்கும் புரியல. அன்னிக்கு ஏன் வேகமா அழுத்தல?"

அவன் என்னைப் பார்த்தான். காட்டிக் கொடுக்கவில்லை. தங்கை வாசற்படியில் நின்றாள்.

"நான்தான் மேடம் மெதுவா அழுத்தச் சொன்னேன். நீங்க வண்டி ஏற வேணாம்னதயும் சொல்லல."

மேடம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பழைய இரண்டு சுற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். தங்கை உள்ளே போய்விட்டாள்.

நாலு மாதம் அவள் எனக்குச் சோறு போடவில்லை. நானும் கேட்கவில்லை.