கணக்கில் வராத சீரியல் செட்

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர், லிப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் டிசைன் பேசிஸ் எழுதும் வேலை எனக்கு வந்தது. கீழே கடைகள், முதல் மாடியில் பிரசவ ஆஸ்பத்திரி, அதன் தலைமேல் கல்யாண மண்டபம். யாருக்குத்தான் இப்படி யோசனை வருமோ! கட்டியவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த முதலாளி.

டிசைன் பேசிஸ் என்றால் வரைபடத்துக்கு முன்னால் எழுதுவது. எந்தத் தளத்தில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், கரண்ட் போனால் எதற்கு ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றையும் சொல்லி, எதை நம்பிச் சொல்கிறோம் என்பதையும் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் தப்பினால் அப்புறம் எத்தனை ஒயர் இழுத்தாலும் தப்புதான்.

ஆஸ்பத்திரி வைக்கவிருந்த டாக்டரம்மா அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர். என் அறைக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல கரண்ட் நிக்கக் கூடாதுங்க சார். வயித்தத் தொறந்து வெச்சுக்கிட்டு நான் இருட்டுல நிக்க முடியாது. எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதிடறேங்க டாக்டர்," என்றேன். தியேட்டர் விளக்கு, சக்ஷன் மெஷின், லிப்ட், மோட்டார் இவற்றுக்குச் சரியாக ஒரு ஜெனரேட்டர் என்று எழுதினேன். மண்டபத்துக்கு விளக்கும் மின்விசிறியும் எண்ணிப் போட்டேன். மொத்தம், சாதாரண இணைப்புக்கு மின்வாரியம் வைத்த வரம்புக்குள் நின்றது. பெருமையாகத்தான் இருந்தது.

கையெழுத்துக்கு முந்தின வாரம் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சவுண்டு சர்வீஸ்காரர் டெம்போவில் வந்து இறங்கினார். தெருமுனை வரை சீரியல் செட், கலர் பல்பு வளைவு, கட்டுக்கட்டாக டியூப் லைட், குழாய் ஸ்பீக்கர். யாரையும் கேட்கவில்லை. நேரே மண்டபத்து மெயின் போர்டைத் திறந்து ஒயரைச் செருகினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டடத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு வந்திருக்கிறேன், மடையன்! நம்மூர்க் கல்யாணத்துக்குப் பாதி கரண்ட் டெம்போவில் அல்லவா வருகிறது!

கணக்கைத் திருத்தினேன். மொத்தம் வரம்பைத் தாண்டியது. தாண்டினால் தனி டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும், அதற்குக் கட்டடக்காரர்தான் இடம் விட வேண்டும். மண்டிக்கு ஓடினேன்.

முதலாளி கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே கேட்டார். "எந்த எடங்க?"

"ரோட்டோர மூலைங்க."

"அந்த மூலைக் கடைய ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டனுங்களே! சீரியல் செட்டு என் கட்டடத்துச் சாமானா? அவன் கொண்டாந்து மாட்டறான், கழட்டிக்கிட்டுப் போறான். அத ஏங்க நீங்க சொமக்கறீங்க?"

மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை, "உங்களால ஆவலன்னா சேலத்துல ஆளு இருக்குங்க" என்றார், குரலை உயர்த்தாமலே. எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன பண்ண? மண்டபத்துக்குத் தனி மெயின் போர்டு, ஜெனரேட்டர் அறைக்குப் பூட்டு என்று கேட்டேன். பூட்டுக்கு மட்டும் தலையாட்டினார்.

அறைக்குத் திரும்பி கடைசிப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்தேன். பழைய மொத்தத்தையே வைத்துக்கொண்டு ஒரு வரி சேர்த்தேன்: மண்டபத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படும் அலங்கார விளக்கு, ஒலிபெருக்கிச் சுமை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. டாக்டரம்மா தியேட்டர் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டார். அந்த வரியை விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை.

கட்டடம் திறந்து முதல் வைகாசி. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம், சீரியல் செட் போட்டதும் கட்டடம் முழுவதற்குமான மெயின் பியூஸ் போனது. காவலாளி ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு அறையைப் பூட்டினார். மாப்பிள்ளை வீட்டார் சத்தம் போட்டதில் பூட்டைத் திறந்தும் விட்டார். சவுண்டு சர்வீஸ்காரர் தன் ஒயரை ஜெனரேட்டரில் மாட்டினார். என்ஜின் இரண்டு தடவை முக்கிவிட்டு நின்றது. கீழே ஒரு பெண்ணுக்கு வயிற்றில் தையல் பாதியில் இருந்தது. நர்ஸ் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் டாக்டரம்மா முடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா நான் எழுதிக் கொடுத்த டிசைன் பேசிஸோடு என் அறைக்கு வந்தார். திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். என் சார்பில் சொல்ல அந்த ஒரு வரியைத் தயாராக வைத்திருந்தேன்.

அவரே கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது இல்லாம இருந்திருந்தா, உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னு நெனச்சிருப்பேங்க சார்."