இரண்டாவது வரைபடம்

எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பெருமத் திறன் மாற்றச் சோதனைக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. மின்சாரத்தை வாங்கிக்கொள்கிற சுமையின் தடையைக் கூட்டிக்கொண்டே போனால் அதற்குக் கிடைக்கும் திறன் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கும். இது முதல் வரைபடம். எடுத்த மின்சாரத்தில் எத்தனை பங்கு சுமைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது இரண்டாவது. முதல் படத்தில் உச்சி வந்துவிட்டால் போதும், மார்க் போட்டுவிடுவேன். இரண்டாவதைப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்துகொள்வார்கள். நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஆய்வக ஆசிரியை வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் படத்தைப் பற்றி ஒரு பிள்ளையிடமும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

என் தம்பிக்குத் திரேஸ்புரத்தில் ஒரு பைபர் படகு இருக்கிறது. அவனோடு சேர்த்து மூன்று பேர் மீன் பிடிக்கப் போவார்கள். கடலில் இரண்டு நாள் தங்கித்தான் திரும்புவார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு தடவை காற்றில் குப்பென்று பிடித்து வலையைக் கருக்கியதிலிருந்து, அதைப் படகில் ஏற்றவே கூடாது என்று தம்பி பெண்டாட்டி சொல்லிவிட்டாள். கருப்பட்டிக் காப்பி இல்லாமல் இவர்களுக்குக் கை ஓடாது. அதனால் தம்பி ஒரு பழைய மின் அடுப்பின் பீங்கான் தட்டையும் சூடேறுகிற நிக்ரோம் கம்பி கொஞ்சமும் வாங்கிவந்து, பின்பக்கத்திலிருந்த பேட்டரியிலிருந்து முன்பக்கம் வரை வீட்டில் கிடந்த ஒல்லி வயரை இழுத்து, தானே ஒரு ஹீட்டர் செய்துவிட்டான்.

செய்தது சூடாகவில்லை. கம்பி நீளம் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்தான், சூடு கூடியது. இன்னும் குறைத்தான், கூடியது. ஒரேயடியாகக் குறைத்தான், சூடு பழையபடி இறங்கிவிட்டது. இது என்ன கூத்து என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்குப் போன் செய்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஆய்வகச் சோதனையை என் தம்பி தன் பாட்டுக்குக் கடற்கரையில் செய்து பார்த்திருக்கிறான். மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாயந்தரம் கரையில் கிடந்த படகில் ஏறி உட்கார்ந்து, அவனுக்கு வகுப்பே எடுத்தேன். பேட்டரியின் உள்ளேயும் வயரிலும் கொஞ்சம் தடை இருக்கும். ஹீட்டரின் தடையும் அதே அளவாக அமைந்தால்தான் ஹீட்டருக்கு அதிகபட்சத் திறன் கிடைக்கும், அதற்கு மேலேயும் குறையும், கீழேயும் குறையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழியும் உண்டு. ஹீட்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து, பேட்டரியின் வோல்டில் சரிபாதி வருகிற வரை கம்பியில் கிளிப்பை நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். பன்னிரண்டில் ஆறு வந்தது. அந்த இடத்தில் கம்பியை வெட்டி முறுக்கிக் கொடுத்தேன். சின்னக் கெட்டிலில் தண்ணீர் சலசலக்க ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வயரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கண் மீட்டரில் இருந்தது.

திங்கள் விடிகாலையில் படகு போய்விட்டது. எங்களுக்கு அன்று செய்முறைத் தேர்வு. பதினொரு மணி இருக்கும். ஒரு மாணவி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். சுமை சூடாவது புரிகிறது, தொடரில் இருக்கிற இந்த ரெசிஸ்டரும் அதே அளவு ஏன் சுடுகிறது, சர்க்யூட்டில் தப்பா என்று கேட்டாள். தப்பில்லை, உச்சிப் புள்ளியில் இரண்டும் சமம், ஒரே கரண்ட் இரண்டிலும் போகிறது, ஆகவே இரண்டிலும் ஒரே சூடுதான், பாதி இங்கே பாதி அங்கே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டு போயிற்று. சொல்லி முடிக்கும்போது தம்பி படகில் ஓடுகிற அந்த ஒல்லி வயர் நினைவுக்கு வந்தது.

அவளுடைய நோட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வோல்ட். வயரும் பேட்டரியும் சேர்ந்து சுமார் பூச்சியம் புள்ளி நான்கு ஓம், ஹீட்டரும் பூச்சியம் புள்ளி நான்கு. பதினைந்து ஆம்பியர். கெட்டிலுக்குத் தொண்ணூறு வாட். வழியிலேயே வீணாக இன்னொரு தொண்ணூறு, அதில் பெரும்பங்கு வயரில். அந்த ஒல்லி வயருக்குப் பதினைந்து ஆம்பியரே அதிகம். தம்பி போட்டிருந்த ப்யூஸ் இருபது ஆம்பியர், அது போகவும் போகாது. படகில் சார்ஜ் ஏற்ற வழியில்லை. இருந்தது அறுபது ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் பழசு. ஹீட்டரை அணைக்காமல் விட்டால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. காப்பி எப்போதும் சூடாக இருக்கட்டும் என்று அவர்கள் அணைக்கவே மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வயர்லெஸ் செட்டும் ஜிபிஎஸ்ஸும் அதே பேட்டரியில்தான்.

கம்பியை நாலு மடங்கு தடை வருகிற மாதிரி நீளமாக விட்டிருந்தால் ஆறே ஆம்பியர். கெட்டிலுக்கு ஐம்பத்தெட்டு வாட் வாக்கில் கிடைத்திருக்கும். தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். எடுத்ததில் ஐந்தில் நாலு பங்கு கெட்டிலுக்குப் போயிருக்கும். ஹோட்டலில் நின்று சாப்பிடுகிற அவசரமா அவர்களுக்கு? கட்டுச்சோற்றைக் கொண்டுபோகிறவர்கள். மூட்டையில் இருக்கிற சோறு எத்தனை வேளைக்கு வரும் என்றுதான் பார்க்க வேண்டும். பத்து வருடம் சம்பளம் வாங்கிய எனக்கு இது நேற்றுத் தோன்றவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. பன்னிரண்டரை மணிக்குத் தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள். மன்னார் வளைகுடாவில் நாளைக்குக் காற்று பலமாக அடிக்கும் என்று அறிவித்திருக்கிறார்களாம், கடலில் தங்கலுக்குப் போன படகுகளை எல்லாம் திரும்ப அழைக்கிறார்களாம், இவர் படகு மட்டும் பதில் சொல்லவில்லையாம். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, துறைமுகத்தையும் லாரிக்காரர்களையும் வாயில் வந்தபடி திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் யார் என்று தெரிந்துதான் இருந்தது.

மீனவர் சங்கத்துக் கொட்டகையில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கரகரப்புக்கு நடுவே ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். தம்பி படகின் பெயரை மூன்று தடவை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவார், பிறகு மறுபடி மூன்று தடவை. தூரம் அதிகமாயிருக்கும், வலை இழுக்கிற மும்முரத்தில் இருப்பார்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தம்பி படகுச் செட்டில் உயிர் இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்:

"பயப்படாதிய மைனி. நேத்துதான நீங்க வந்து கரண்ட் எல்லாம் சரி பாத்துக் குடுத்திய. செட்டு கெட்டுருக்காது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அண்ணாச்சியிடமும் அவளிடமும் சொல்லிவிட்டேன். பேட்டரி இறங்கியிருக்கும், எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது, இறக்கியது நான்தான் என்றேன். வயர் சூடாகும் என்பதையும் சொன்னேன். வலைக்கும் பைபருக்கும் நடுவில் அந்த வயர் ஓடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே யோசித்துக்கொண்டாள். இரண்டடி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எந்தப் பாரில் வலை விடுவான் என்று அவளிடம் கேட்டார். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டுகளுக்கு எங்கள் பக்கம் பார் என்று பெயர். எந்தப் பார் யாருக்கு வாய்க்கும் என்று அவரவர் வீட்டுக்குத் தெரியும். அவள் சொன்னாள். அதற்குப் பக்கத்திலிருந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகை வயர்லெஸ்ஸில் பிடித்து, போய் ஆளைக் கையோடு கூட்டி வா என்றார். கிடைத்த மீனோடு வீட்டுக்குத் திரும்புகிற மனுசன் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்த்திசையில் ஓட வேண்டும். சரி என்ற ஒரு சொல்தான் அந்தப் பக்கமிருந்து வந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. மூன்று மணி, நாலு மணி. படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாம் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கடல் அப்போது குளம் மாதிரிக் கிடந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. கடல் இப்படிக் கிடந்தால் அவனுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே வராது. நான் கம்பியில் கிளிப்பை நகர்த்திய அந்த நிமிடத்தைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டினேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

ஐந்தரை மணி சுமாருக்கு இரண்டு படகுகள் சேர்ந்து வந்தன. பின்னால் வந்தது அவனுடையது. அவள்தான் முதலில் கண்டாள். என் கையைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள்.

மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலை பத்து மணிக்கே செட்டும் ஜிபிஎஸ்ஸும் செத்துவிட்டன. படகுக்குள் வயர் நெடுக உறை இளகி, ஒட்டுப்போட்ட ஓர் இடத்தில் கருகி, மேலே கிடந்த வலையில் நாலு கண்ணி பொசுங்கியிருந்தது. பேட்டரி இறங்கியதால்தான் அது அதோடு நின்றது. இன்னும் பெரிய பேட்டரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

தம்பி கரையில் இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபமாக வந்தது. வயர் இப்படிப் பொசுங்குகிற வரை என்ன செய்துகொண்டிருந்தாய், தொட்டால் தெரியாதா என்று கத்தினேன். என் தப்புக்கு அவனைக் கத்துகிறேன் என்பது தெரிந்தும் கத்தினேன். அவன் வலது கையை விரித்துக் காட்டினான். இரண்டு விரல் நுனியில் கொப்புளம்.

"தொட்டுப் பாத்தேங்க்கா, ஏழு மணிக்கே சுட்டுச்சு. கழத்திப் போடுவோம்னு இவனுவ சொன்னானுவ. எங்கக்கா மீட்டர் வச்சு அளந்தது, இப்படித்தான் இருக்கும்னு நாந்தான் விட்டுட்டேன்."

தம்பி பெண்டாட்டி அவன் கையை வாங்கிக் கொப்புளத்தைப் பார்த்தாள். பிறகு அவனிடம்தான் பேசினாள். ஆனால் கண் என் மேல் இருந்தது.

"இனிமே கை சுட்டுதுன்னா கை சொல்லுததக் கேளுங்க. அக்கா சொன்னதக் கேக்காண்டாம்."

அதை அவள் கோபத்தில் சொல்லவில்லை. ஆமாம், அவள் சொல்வதைக் கேள் என்று நானும் அவனிடம் சொன்னேன்.