யெஸ் அமுக்கினதும் எல்லாம் காணாப்போச்சு

காலேஜ் முடிச்சதும் ஓசூர்ல ஒரு குட்டி வெப்சைட் கம்பெனியில சேந்தேன். ஒரு ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் ஆர்டர் போடுற சைட் செஞ்சோம். இது ஓகே ஆகலைன்னா கடைய மூடிடுவேன்னு ஓனர் அண்ணா சொல்லிட்டாரு.

பாஸ்வேர்ட் போடுற சைட்டு, அதனால பக்கமெல்லாம் பாதுகாப்பான https. ஆனா போட்டோவும், பட்டன வேலை செய்ய வெக்கிற ஸ்கிரிப்டும் மட்டும் பழைய சர்வர்லேருந்து சாதா http-ல வந்துட்டு இருந்துச்சு. "டெமோ முடியட்டும்டா, மாத்திக்கலாம்"னாரு அண்ணா. சைட்டத் தொறந்தா எங்க மெஷின்ல ஒரு பாக்ஸ் வந்து, 'செக்யூர் இல்லாததையும் காட்டவா?'ன்னு கேக்கும். யெஸ் அமுக்கினா எல்லாம் வந்துரும். அதனால, "பாக்ஸ் வந்தா யெஸ் குடுங்க சார்"னு ஃபேக்டரி பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சோம்.

டெமோ அன்னிக்குப் பாத்தா, அவர் மெஷின்ல புது பிரௌசர் போட்டிருக்காங்க. அதுல கேள்வியே தலைகீழ்: 'செக்யூரா வந்தத மட்டும் பாக்கறீங்களா?' அவர் படிக்கல, யெஸ் அமுக்கிட்டாரு. போட்டோ இருந்த எடமெல்லாம் வெத்துக் கட்டம். ஸ்கிரிப்டும் போச்சு, ஆர்டர் பட்டன அமுக்கினா அசையவே இல்ல.

"சார், ரீலோட் பண்ணி நோ குடுங்க"ன்னேன்.

"ஏம்ப்பா, பாதுகாப்பு வேணாம்னு என் வாயால சொல்லச் சொல்றியா? எங்க ஆளுங்க தெனமும் இப்படித்தான் சொல்லணுமா?"

அண்ணா தரையப் பாத்துட்டு நின்னாரு.

சாயங்காலமே எல்லா ஃபைலையும் https சர்வருக்கு ஏத்திட்டேன். பாக்ஸே வரல, சைட் பளிச்சுனு ஓடுச்சு. ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டா, வேலைய வேற கம்பெனிக்குக் குடுத்தாச்சுன்னாங்க. மாசம் முடியறதுக்குள்ள அண்ணா ஷட்டர எறக்கிட்டாரு.